மேடான் பக்கம் மில்லுல ஒரு வாரம் பிரஸ் மாட்டுற வேலை: விசா, இன்சூரன்ஸ், ஓட்டி எப்படி?

பிரஸ்_தம்பி (நிபோங் திபால்)

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. நான் நிபோங் திபால்ல ஒரு வொர்க்‌ஷாப்புல ஃபிட்டர். செம்பனை மில்லுக்கு ஸ்க்ரூ பிரஸ், அதோட சாமான் எல்லாம் செய்யுற கம்பெனி. சம்பளம் மாசம் 2,600 வெள்ளி. திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் 8 மணி நேரம், சனிக்கிழமை 5 மணி நேரம், ஞாயிறு லீவு.

இப்போ என்னை மேடான் பக்கம் ஒரு மில்லுக்கு அனுப்புறாங்க. ஞாயித்துக்கிழமை காலையில பினாங்குல ஏறி, வெள்ளிக்கிழமை ராத்திரி திரும்பணும். பழைய பிரஸ்ஸுல கேஜையும் வார்மையும் கழட்டிட்டுப் புதுசு மாட்டணும், ஓட்டிக் காட்டணும், அவங்க ஆளுங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும்.

ஆபிஸ்ல இருக்கிற எச்.ஆர். அக்கா சொன்னது மூணு விஷயம். மலேசியா பாஸ்போர்ட்டுக்கு விசா வேணாம், இமிகிரேசன்ல கேட்டா ஜாலான் ஜாலான்னு சொல்லிடு. இன்சூரன்ஸ் டிக்கெட் வாங்குறப்பவே ஒரு டிக் போட்டு வாங்கியாச்சு. ஓட்டி கிடையாது, ஏன்னா ஒரு நாளைக்கு 80 வெள்ளி அலவன்ஸ் தர்றோம்.

இது மூணும் சரியா? வீட்ல அம்மா வேற பயப்படுறாங்க.

காடி_மணி (பாரிட் புந்தார்)

தம்பி, ஒண்ணும் பயப்படாதே. நம்ம ஆசியான் ஆளுங்க, இந்தோனேசியாவுக்கு 30 நாள் விசா இல்லாமப் போலாம். என் மாமா பையன் வருசா வருசம் போறான், ஒருத்தனும் கேட்டதில்ல. போய்ட்டு வா.

ஓட்டி பத்தி ஒண்ணு சொல்றேன். அங்க சட்டப்படி வாரத்துக்கு 40 மணி நேரம்தான். அதனால 41வது மணியில இருந்து உனக்கு ஓட்டி வரணும். தவ்க்கேகிட்ட கேளு.

மலர்_தோட்டம் (சுங்கை பக்காப்)

இந்தோனேசியாக்காரங்களுக்கு பெர்மிட் எடுக்குறது இப்ப ரொம்பக் கஷ்டம் தம்பி. எங்க தோட்டத்துல குலை வெட்ட ஆள் இல்லாம மண்டோர் தலையில கை வெச்சுக்கிட்டு இருக்கார். ஏஜண்டு வழியா போனீங்கன்னா காசைப் புடுங்கிடுவான், நேரா இமிகிரேசனுக்கே போங்க.

பிரஸ்_தம்பி

அக்கா, அவங்க இங்க வர்றது இல்ல, நான்தான் அங்க போறேன் 🙂

மலர்_தோட்டம்

அய்யோ, அப்படியா. கண்ணாடி போடாமப் படிச்சுட்டேன். அங்க மேடான்ல கம்போங் மெட்ராஸ் மாரியம்மன் கோயில் இருக்கு, போய்க் கும்பிட்டுட்டு வாப்பா.

முன்னாள்_கெராணி (கிரியான்)

தம்பி, நான் தோட்டத்து ஆபிஸிலும் பிறகு ஒரு இயந்திரக் கம்பெனியிலும் பெரிய கெராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆட்களை சுமத்ராவுக்கும் சபாவுக்கும் அனுப்பிய கோப்புகள் என் மேசை வழியாகத்தான் போயின. உன் மூன்று கேள்விக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்: அங்கே உன் கை என்ன செய்யப்போகிறது என்பது. ஸ்பேனரைக் கையில் எடுக்கிறாயா, இல்லை மேசையில் உட்கார்ந்து பேசுகிறாயா? அதைப் பொறுத்து விசாவும் மாறும், இன்சூரன்ஸும் மாறும்.

முதலில் விசா. மணி சொன்னது பாதி சரி. மலேசியர்களுக்கு 30 நாள் விசா இல்லாத நுழைவு உண்டு. அதை நீட்டிக்க முடியாது, வேறு விசாவாக மாற்றவும் முடியாது. சுற்றிப் பார்க்க, சொந்தக்காரரைப் பார்க்க, கூட்டத்துக்குப் போக, சாமான் வாங்கப் பேச அது போதும். கேஜைக் கழற்றி மாட்டுவது அதில் அடங்காது. இயந்திரம் பொருத்தவும் பழுது பார்க்கவும் இந்தோனேசியாவில் தனியாக ஒரு வருகை விசா இருக்கிறது. அதற்கு அந்த நாட்டில் ஒருவர் உத்தரவாதம் கொடுக்க வேண்டும், அவர்கள் 'பெஞ்சாமின்' என்பார்கள். உன் விஷயத்தில் அந்த மில் கம்பெனிதான் பெஞ்சாமின். விண்ணப்பம் இணையத்தில், evisa.imigrasi.go.id வழியாக. பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும்.

ஜாலான் ஜாலான் என்று சொல்லிவிட்டுப் போனால் என்ன ஆகும்? அவர்களுடைய 2011-ஆம் ஆண்டு குடிநுழைவுச் சட்டம், எண் 6, பிரிவு 122. கொடுத்த அனுமதியை வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தினால் ஐந்து ஆண்டு வரை சிறை, 50 கோடி ரூப்பியா வரை அபராதம். அப்படிச் செய்யச் சொன்னவருக்கும் வாய்ப்புக் கொடுத்தவருக்கும் அதே பிரிவு பொருந்தும், ஆகவே அந்த மில் மேனேஜருக்கும் இது தலைவலிதான். வழக்குக்குப் போகாமல் திருப்பி அனுப்பிவிட்டு, மறுபடி நுழையத் தடை போடவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அந்தத் தடை விழுவது உன் பேரில், கம்பெனி பேரில் இல்லை.

மணியின் மாமா பையன் மாட்டவில்லை என்றால் அவன் அங்கே என்ன செய்தான் என்று கேளுங்கள். ஆர்டர் எடுக்கப் போனவனாக இருக்கலாம்.

காடி_மணி

அவன் சேல்ஸ்தான் அண்ணே. கேட்லாக் தூக்கிட்டுப் போவான்.

முன்னாள்_கெராணி

அதுதான் வித்தியாசம். அவன் போனது சரி.

கூலிம்_ரவி

தம்பி, இன்சூரன்ஸ் பத்தி நான் சொல்றேன், ஏன்னா அடிபட்டவன் நான்.

நான் கூலிம்ல ஒரு ஃபேக்டரியில மெயின்டனன்ஸ். கொஞ்ச வருசத்துக்கு முன்னாடி தாய்லாந்துல எங்க கஸ்டமர் இடத்துக்குப் போயிருந்தேன். கன்வேயர் ரோலரை மாத்துறப்போ விரல் நசுங்கிருச்சு. ஆஸ்பத்திரியில தையல், எக்ஸ்ரே, ரெண்டு ராத்திரி. பில்லைக் கொண்டுவந்து கிளெய்ம் போட்டா, ஒரு மாசம் கழிச்சு கடிதம் வருது. 'காயம் கைவேலை செய்யும்போது ஏற்பட்டது, அது விலக்குப் பட்டியலில் உள்ளது'. போலிசி புத்தகத்துல தேடிப் பார்த்தா நிஜமாவே இருக்கு, கடைசிக்கு முன் பக்கத்துல சின்ன எழுத்துல. பங்கி ஜம்ப்பிங், சண்டைப் போட்டி, சுரங்க வேலை, அந்த வரிசையிலேயே கைவேலையும்.

கம்பெனி பாதிதான் குடுத்துச்சு, மீதி என் பாக்கெட். எந்த இன்சூரன்ஸ்னு இங்க சொல்ல விரும்பல. எல்லா கம்பெனியிலயும் கிட்டத்தட்ட இதே வரிதான்னு பிறகு தெரிஞ்சுக்கிட்டேன்.

பாலிசி_லெட்சுமி (புக்கிட் மெர்தாஜாம்)

ரவி சொன்னது உண்மை. நான் பொது இன்சூரன்ஸ் ஏஜண்டு, தினமும் இதுதான் பார்க்கிறேன். டிக்கெட்டோடு சேர்த்து டிக் போட்டு வாங்குறது விடுமுறைக்காரங்களுக்காக எழுதின பாலிசி. சிலதுல பிசினஸ் பயணமும் சேரும், ஆனா கூட்டம், கண்காட்சி, பயிற்சி மாதிரி ஆபிஸ் வேலைக்குத்தான். இயந்திரத்துல கை வெக்கிறது, உயரத்துல ஏறுறது, வெல்டிங் எல்லாம் பெரும்பாலும் வெளியே.

தம்பி, உன் பாலிசி புத்தகத்தை இறக்கி, பொது விலக்குகள்னு இருக்குற பகுதியைத் தேடு. அங்க ரெண்டு வரியைப் பாரு. ஒண்ணு கைவேலை, அபாயத் தொழில் பத்தினது. இன்னொண்ணு சட்ட விரோதச் செயல் பத்தினது. கெராணி ஐயா சொன்ன விசா விஷயம் இங்கதான் வந்து இடிக்குது. விசா இல்லாம வேலை செஞ்சப்போ அடிபட்டா, கைவேலைக்கு எப்படியாவது பாதுகாப்பு வாங்கியிருந்தாலும், நுழைவு நிபந்தனையை மீறினதைக் காட்டி மறுக்க அவங்களுக்கு இன்னொரு கதவு கிடைக்குது. ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுல 'மில்லில் பிரஸ் பொருத்தும்போது' இருக்கும், நுழைவுப் பதிவுல சுற்றுலா இருக்கும். ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்க்க கிளெய்ம் ஆபிசருக்கு ரொம்ப நேரம் ஆகாது.

கம்பெனி செய்ய வேண்டியது, தன் குழு விபத்து பாலிசியிலோ தொழில்முறைப் பயண பாலிசியிலோ உன் பேரை, உன் தொழிலை, நாட்டை, தேதியை எழுதிக் கொடுத்து, கைவேலையையும் சேர்த்து எழுத்துல உறுதி வாங்குறது. அதுக்கு எண்டார்ஸ்மென்ட்னு ஒரு தாள் வரும், கூடுதல் பிரிமியம் வரும். 'எல்லாம் கவர் ஆகும்'னு ஏஜண்டு வாய்ல சொன்னா நம்பாதே, நானே சொன்னாலும் நம்பாதே 🙂 தாள் வேணும்.

இன்னொண்ணு. அந்தப் பாலிசியில 24 மணி நேர உதவி நம்பர் இருக்கும். படுக்கை போடுற அளவு அடின்னா ஆஸ்பத்திரி சேர்க்கும்போதே அங்க கூப்பிடணும். கூப்பிடாமச் செலவு பண்ணிட்டு வந்தா பிறகு இழுபறிதான். நம்பரைப் போன்ல மட்டும் வெக்காதே, எண்ணெய் கையில போன் எங்க விழும்னு தெரியாது. பர்ஸ்ல எழுதி வெச்சுக்கோ.

பிரஸ்_தம்பி

அக்கா இப்பத்தான் பார்த்தேன். நீங்க சொன்ன அதே வரி இருக்கு. 'கைவேலை சம்பந்தப்பட்ட தொழில் அல்லது வணிகம்'. நான் பிரஸ் தொறக்குறப்போ டைஜெஸ்டர்ல இருக்கிறது 90 டிகிரிக்கு மேல சூடா இருக்கும், நீராவி வால்வை மூடிட்டுத்தான் கை வெப்போம், ஆனாலும் சூடான எண்ணெய் தெறிச்சு எங்க ஆளுங்க கை வெந்தது உண்டு. அப்போ இந்த இன்சூரன்ஸ் லக்கேஜ் தொலைஞ்சா மட்டும்தான் உதவுமா?

பாலிசி_லெட்சுமி

லக்கேஜ், ஃபிளைட் லேட்டு, ஹோட்டல்ல வயித்துப்போக்கு, ரோட்டுல டாக்ஸி மோதினது, இதுக்கெல்லாம் வரும். நீ பயப்படுற அந்த ஒரு இடத்துக்குத்தான் வராது.

கூலிம்_ரவி

பெர்கேசோ இருக்கே? வேலை விபத்துதானே?

முன்னாள்_கெராணி

பெர்கேசோவை விட்டுவிடக்கூடாது, அதே சமயம் அதையே நம்பியும் போகக்கூடாது. வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் வந்த காயம் என்று காட்ட வேண்டும். அதற்கு முதல் ஆதாரம் கம்பெனி உன்னை அனுப்பிய கடிதம். பேர், தேதி, எந்த மில், என்ன வேலை, இவை நாலும் அதில் இருக்க வேண்டும். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் முதலாளி பாரம் 34 கொடுக்க வேண்டும். எச்.ஆர். அம்மா தெரியாமல் தூங்கிவிட்டால் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆகவே அடிபட்ட உடனே வாட்ஸப்பில் படத்தோடு ஆபிஸுக்கு எழுது.

பெர்கேசோவின் தற்காலிக இயலாமைத் தொகை தினசரிச் சராசரிச் சம்பளத்தில் 80 விழுக்காடு, விபத்து நாளையும் சேர்த்துக் குறைந்தது நான்கு நாள் மருத்துவ விடுப்பு இருந்தால். ஆனால் மேடான் ஆஸ்பத்திரி வாசலில் முன்பணம் கேட்பவனுக்கு அது உடனே உதவாது. அதற்கு லெட்சுமி சொன்ன தாள்தான்.

மலர் அம்மா கோயிலுக்குப் போகச் சொன்னார்கள். தம்பி, போ, தப்பில்லை. ஆனால் வேலைக்குப் போகும் வழியை விட்டு விலகி, சொந்த விஷயமாக டோபா ஏரிக்கோ கோயிலுக்கோ போகும்போது அடிபட்டால் அதை வேலைப் பயணம் என்று பெர்கேசோவில் சொல்ல முடியாது. அந்த நேரத்துக்குத்தான் உன் டிக்கெட் இன்சூரன்ஸ் பயன்படும். அதை ரத்துச் செய்யாதே.

மலர்_தோட்டம்

சாமி காப்பாத்தும் ஐயா.

காடி_மணி

ஐயா என் 40 மணி கணக்கைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே.

முன்னாள்_கெராணி

சொல்கிறேன். இந்தோனேசியாவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உண்மை. ஆனால் தம்பி அந்த மில்லின் தொழிலாளி இல்லை. அவனுக்குச் சம்பளம் கொடுப்பது நிபோங் திபால் கம்பெனி, ஒப்பந்தம் எழுதியது இங்கே. ஒரு வார வேலைக்குப் போனவன் அங்கே போய் ஓட்டி வழக்குப் போட முடியுமா? நம் கணக்கு நம் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம். 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்.

உன் கணக்கைப் போடுவோம். 2,600-ஐ 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் 100 வெள்ளி. 8-ஆல் வகுத்தால் ஒரு மணிக்கு 12.50. சாதாரண நாள் ஓட்டி ஒன்றரை மடங்கு, மணிக்கு 18.75. அங்கே எப்படி நாள் போகும் என்று உங்கள் சீனியர் யாரையாவது கேட்டு எழுது.

பிரஸ்_தம்பி

சீனியர் அண்ணன் சொன்னது இது. ஞாயிறு காலை 6 மணிக்கு வீட்டை விட்டா, ஏர்போர்ட், குவாலா நாமு, பிறகு மில் வண்டியில நாலு மணி நேரம், மெஸ்ஸுக்குச் சேர சாயந்திரம் 4. அன்னிக்கு ராத்திரி 8-ல இருந்து 10 வரைக்கும் மில்லுல போய் பழைய பிரஸ்ஸைப் பார்ப்பாங்க. திங்கள் சாதாரண நேரம். செவ்வாய் கழட்டி மாட்டுற நாள், காலை 7-ல இருந்து ராத்திரி 9, நடுவுல ரெண்டு மணி நேரம் சாப்பாடு, ஓய்வு. புதன் பகல் சாதாரணம், ராத்திரி மெஸ்ஸுல, பிரஸ் நின்னா கூப்பிடுவாங்க. வியாழன் 8-ல இருந்து 7, ஒரு மணி நேரம் சாப்பாடு. வெள்ளி திரும்புறது.

முன்னாள்_கெராணி

நல்லது. செவ்வாய் 12 மணி நேர வேலை, அதில் நாலு மணி ஓட்டி: 75 வெள்ளி. ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கச் சட்டம் அவசர நிலைக்குத்தான் இடம் கொடுக்கிறது, ஆகவே அன்று 9 மணிக்கு ஸ்பேனரைக் கீழே போடு. வியாழன் 10 மணி நேரம், இரண்டு மணி ஓட்டி: 37.50.

ஞாயிறு உனக்கு ஓய்வு நாள். அன்று ராத்திரி மில்லில் இரண்டு மணி நேரம் பார்த்தால்கூட, பாதி நாளுக்கு மேல் போகாத வேலைக்கு அரை நாள் சம்பளம் கூடுதலாக வரும்: 50 வெள்ளி. ஆக மொத்தம் 162.50. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

80 வெள்ளி அலவன்ஸ் வேறு விஷயம். அது சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் கொடுப்பது. பயண அலவன்ஸ் சட்டத்தில் சம்பளமாகவே கணக்கில் வராது. சட்டம் கொடுக்கிறதைவிடக் குறைவாக ஒப்பந்தத்தில் எழுதினால் அந்த வரி செல்லாது என்று பிரிவு 7 சொல்கிறது. ஆகவே அலவன்ஸைக் காட்டி ஓட்டியை விழுங்க முடியாது.

சீனியர்_மேனேஜர் (ஈப்போ)

நான் முதலாளி பக்கத்து ஆள். கெராணி ஐயா, ஓட்டி 4,000 வெள்ளிக்கு மேல் வாங்கறவங்களுக்குக் கிடையாதே? எங்கள் டெக்னீஷியன்கள் பலர் அதுக்கு மேல்.

முன்னாள்_கெராணி

ஆபிஸ் ஆட்களுக்கு அந்த 4,000 வரம்பு உண்டு. கைவேலை செய்பவர்களுக்குச் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் ஓட்டி உண்டு, சட்டத்தின் முதல் அட்டவணையைப் பாருங்கள். இங்கேயும் கை என்ன செய்கிறது என்பதுதான். ஆபிஸில் சர்வீஸ் எஞ்சினியர் என்று பேர் போட்டாலும், நாள் முழுக்க ஸ்பேனர் பிடிக்கிறவன் ஃபிட்டர்தான்.

சீனியர்_மேனேஜர்

அது வழக்குப் போட்டால்தான் தெரியும். நான் பார்த்த இடத்தில் பாதி மேற்பார்வை, பாதி கைவேலை. இன்னொன்று கேட்கிறேன். ஞாயிறு காலை 6-ல இருந்து 4 வரைக்கும் விமானத்துலயும் வண்டியிலயும் தூங்கினதுக்கும் சம்பளம் கேட்பாங்களா?

முன்னாள்_கெராணி

சட்டத்தில் 'வேலை நேரம்' என்றால் முதலாளியின் கட்டளைக்கு உட்பட்டு, தன் நேரத்தையும் நடமாட்டத்தையும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடியாத நேரம். விமானத்தில் இருப்பவனால் இறங்கி டீக்கடைக்குப் போக முடியுமா? என் பார்வையில் அது வேலை நேரம்தான். அப்படி எடுத்தால் ஞாயிறு அரை நாளில் நிற்காது. ஒரு நாள் சம்பளம் 100, எட்டு மணிக்கு மேல் ஓடுகிற ஒவ்வொரு மணிக்கும் இரண்டு மடங்கு, 25 வெள்ளி.

சீனியர்_மேனேஜர்

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தூங்கின நேரம் தூங்கின நேரம்தான். வேலைவாய்ப்புச் சட்டம் தீபகற்பத்துக்கும் லாபுவானுக்கும் எழுதினது. சுமத்ராவில் நடந்த வேலைக்கு அது போகுமான்னு எங்கள் வக்கீல் கேட்பார்.

முன்னாள்_கெராணி

கேட்கட்டும். அதனால்தான் தம்பிக்கு என் யோசனை: அந்தச் சண்டைக்கே இடம் வைக்காதே. கிளம்பும் முன் கம்பெனி கொடுக்கிற பயணக் கடிதத்தில் 'வேலை நேரமும் ஓட்டியும் நிபோங் திபாலில் உள்ளபடியே கணக்கிடப்படும், ஞாயிறு பயண நேரம் இவ்வளவு என்று எடுத்துக்கொள்ளப்படும்' என்று எழுதி வாங்கு. எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அது ஒப்பந்தம்.

நேரத்தைத் தினமும் எழுது. மேடான் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால். அங்கே கடிகாரம் 7 காட்டினால் இங்கே 8. ஒரே கடிகாரத்தில் எழுது, எது என்று மேலே குறித்து வை, மில் சூப்பர்வைசரிடம் தினமும் கையெழுத்து வாங்கு. பிறகு ஓட்டி பாரத்தில் ஒரு மணி நேரம் கூடிவிட்டது என்று கணக்கர் கோடு போட மாட்டார்.

பாலிசி_லெட்சுமி

அந்தக் கையெழுத்துத் தாள் எனக்கும் வேணும். அடிபட்டா, எந்த நேரம், எந்த வேலைன்னு கிளெய்ம்ல முதல் கேள்வி அதுதான். விசாவுல ஒரு வேலை, பாலிசியில ஒரு வேலை, ஓட்டி தாள்ல இன்னொரு வேலைன்னு இருந்தா மூணுமே சந்தேகத்துக்கு வரும்.

ஜெயா_சென்னை_போறேன் (தாமான் கெரியான்)

நடுவுல நுழையறதுக்கு மன்னிக்கணும். நான் அடுத்த மாசம் சென்னையில ஒரு மெஷின் கண்காட்சிக்குக் கம்பெனிக்காகப் போறேன். டூரிஸ்ட் இ-விசா எடுத்தாப் போதுமா? கூட என் அக்கா கல்யாணத்துக்குப் புடவையும் எடுக்கணும்.

முன்னாள்_கெராணி

கம்பெனிக்காகப் போவதென்றால் பிசினஸ் இ-விசா எடுங்கள், டூரிஸ்ட் வேண்டாம். புடவையை எந்த விசாவிலும் எடுக்கலாம்.

பிரஸ்_தம்பி

அண்ணன்மாரே, அப்டேட். நேத்து தவ்க்கேகிட்ட போய் நின்னேன். முதல்ல சத்தம் போட்டார். பிறகு பிரிவு 122-ல மில் மேனேஜருக்கும் மாட்டுதுன்னு சொன்னதும் மேடானுக்கே போன் போட்டார். அவங்க எச்.ஆர். உடனே, 'நாங்களே பெஞ்சாமின் கடிதம் தர்றோம், விசா இல்லாம உள்ள விட மாட்டோம்'னு சொல்லிட்டாங்க. அதனால பயணம் ரெண்டு வாரம் தள்ளிப் போச்சு. மில் ஆளுங்களுக்குப் பழைய பிரஸ் இன்னும் கொஞ்ச நாள் ஓடணும்.

இன்சூரன்ஸ் ஏஜண்டு எண்டார்ஸ்மென்ட்டுக்கு என் வேலையைப் பத்தி எழுதிக் கேட்டிருக்கார். எச்.ஆர். அக்கா 'ஃபிட்டர், மேற்பார்வை'ன்னு எழுதினாங்க. நான் மேற்பார்வையை எடுத்துட்டு 'பிரஸ் கழற்றிப் பொருத்துதல்'னு போடச் சொன்னேன்.

ஓட்டிக்கு 162.50-க்கு ஒத்துக்கிட்டார், ஞாயிறு பயண நேரத்துக்கு ஒத்துக்கல. 50 வெள்ளிதான், அதுக்கு மேல கேட்டா அடுத்த தடவை வேற ஆளை அனுப்புவேன்னு சொல்றார்.

காடி_மணி

162.50-ஐ வாங்கிட்டுப் பேசாம இரு தம்பி. சண்டை போட்டு என்ன லாபம்.

கூலிம்_ரவி

நான் இருந்தா கேட்பேன். நாலு மணி நேரம் மில் வண்டியில குலுங்குறது தூங்குறதா?

முன்னாள்_கெராணி

ஞாயிறு பயணத்தை எழுதி மட்டும் வை, கையெழுத்தோடு. கேட்பதும் விடுவதும் பிறகு பார்க்கலாம். புதன் ராத்திரி மெஸ்ஸில் கூப்பிட்டால் வரணும் என்று இருக்கிறதே, அதைக் கடிதத்தில் எப்படி எழுதியிருக்கிறார்?

பிரஸ்_தம்பி

அதைப் பத்தி ஒண்ணுமே எழுதல ஐயா. 'தேவைப்பட்டால்'னு மட்டும் இருக்கு. கூப்பிடலைன்னா அந்த ராத்திரிக்குக் கணக்கு எப்படி?

சீனியர்_மேனேஜர்

கூப்பிடலைன்னா கணக்கு இல்லை.

முன்னாள்_கெராணி

மெஸ்ஸை விட்டு வெளியே போகக்கூடாது என்று சொல்லியிருந்தால் கணக்கு உண்டு என்பேன். போன் மட்டும் திறந்திருந்தால் போதும், எங்கே வேண்டுமானாலும் போ என்றால் மேனேஜர் சொல்வது நிற்கும். தம்பி, தவ்க்கேயிடம் அந்த ஒரு வரியைக் கேட்டு வந்து இங்கே போடு.